மருத்துவமனைச் செலவுக்கு நகையை வைக்கும்போது

பெங்களூரு அல்சூரில் ஒரு வங்கியின் நகைக்கடன் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். காலையில் கதவைத் திறந்ததும், இரவெல்லாம் தூங்காத முகத்தோடு, மஞ்சள் பையில் நகையைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தாலே மருத்துவமனையிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். அவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "எல்லாத்தையும் வச்சுக்கிட்டு எவ்வளவு வருமோ கொடுங்க மேடம்." அந்த அவசரத்திலும் சொல்லக் கூடாத வாக்கியம் அது.

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. கணவர் வாடகைக் கார் ஓட்டுபவர். ஓசூர் சாலையில் விபத்து, கால் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. 3 லட்சம் ஆகும் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. மனைவிக்கு கார்மெண்ட்ஸில் வேலை, மாதம் 15,000 ரூபாய். அவருடைய தம்பி தன் சம்பளத்தைக் காட்டி தனிநபர் கடன் வாங்கித் தரத் தயாராக இருந்தார். 16 சதவீத வட்டி, மூன்று வருடம், மாதத் தவணை சுமார் 10,550 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி என்று 7,080 ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் கையில் தருவார்கள்.

வட்டியைவிட எனக்குக் கவலை தந்தது தவணை. அடுத்த மாதமே அது தொடங்கிவிடும். கணவர் ஐந்து மாதமாவது ஸ்டீயரிங் பிடிக்க முடியாது. ஆனால் அவர்கள் கட்டிவந்த 2 லட்ச ரூபாய்ச் சீட்டு ஆறாவது மாதம் கைக்கு வரும். மாதாமாதம் வராமல் மொத்தமாக வரப்போகிற பணம் அது. அதற்கு நகைக்கடன்தான் பொருந்தும். மாதச் சம்பளம் நிற்காமல் வருகிற வீடாக இருந்து, நகையும் குறைவாக இருந்திருந்தால் தம்பி சொன்னதே சரி என்றிருப்பேன்.

அப்புறம் எடை. மனைவி கல் வைத்த ஆரம், தாலிச் சங்கிலி, ஆறு வளையல் கொண்டுவந்திருந்தார். ஆரம் பார்க்கப் பெரிது, ஆனால் கல்லையும் அரக்கையும் கழித்தால் தங்கம் அந்த அளவுக்கு இல்லை. கடனுக்குத் தங்கத்தின் நிகர எடைதான் கணக்கு. செய்கூலிக்கும் கல்லுக்கும் மதிப்பு கிடையாது. எடை போடும்போது நீங்கள் எதிரில் இருக்க வேண்டும், கழித்த எடை எவ்வளவு என்று ரசீதில் எழுதியிருக்க வேண்டும்.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, சொந்தச் செலவுக்கான கடன் இரண்டரை லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரை என்றால் தங்க மதிப்பில் 80 சதவீதம் வரை தரலாம். கடைசியில் மொத்தமாகக் கட்டும் திட்டமாக இருந்தால் முதலோடு அந்தக் காலத்து வட்டியையும் சேர்த்துத்தான் அந்த 80 சதவீதத்தைப் பார்க்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்க கிராம் 10,000 ரூபாய், வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சத்துக்கு வருட வட்டி 36,000. மொத்தம் 3.36 லட்சத்துக்கு ஈடாக 4.2 லட்ச ரூபாய்த் தங்கம் வேண்டும், அதாவது 42 கிராம். ஒரு வளையல் 7 கிராமுக்குக் கொஞ்சம் கூட இருந்ததால் ஆறு வளையலே போதும். ஆரத்தையும் தாலிச் சங்கிலியையும் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு அறுவை சிகிச்சை என்று வந்தால் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே.

அந்த 3 லட்சத்தையும் இரண்டு கடனாகப் பிரித்தோம்: நான்கு வளையலுக்கு 2 லட்சம், இரண்டு வளையலுக்கு 1 லட்சம். ஒரே கடனாக வைத்தால், பாதிப் பணம் கட்டினாலும் பாதி நகை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பல இடங்களில் முழுதும் அடைத்தால்தான் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்.

நகைக்கடனில் ஆபத்து அதன் அமைதியில் இருக்கிறது. கடைசியில் மொத்தமாகக் கட்டும் திட்டத்தில் மாதாமாதம் யாரும் பணம் கேட்பதில்லை, வருடம் ஓடிவிடுகிறது. அதிகபட்சம் 12 மாதம்தான். புதுப்பிக்க வேண்டுமானால் அதுவரைக்குமான வட்டியை முதலில் கட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வேறொரு நிறுவனத்தில் நகை வைத்திருந்தது. இடையில் வாடகை வீடு மாறியது, போன் எண்ணும் மாறியது. ஏல அறிவிப்பு பழைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் பணத்தோடு வந்தபோது நகை விற்றுப்போயிருந்தது. அந்த அம்மா அழுததை என்னால் மறக்க முடியவில்லை. கடனைக் கழித்து மீதமுள்ள ஏலப் பணம் நகையை வைத்தவருக்குத்தான் சேர வேண்டும், அதைக் கேட்டு வாங்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அதனால் இந்த அக்காவிடம் தம்பியின் எண்ணையும் விண்ணப்பத்தில் எழுத வைத்தேன். வீடு மாறினால் அன்றைக்கே வந்து சொல்லுங்கள் என்றேன். கட்டாயம் இல்லாவிட்டாலும் மாத வட்டி 3,000 ரூபாயைச் சம்பளம் வந்ததும் கட்டிவிடச் சொன்னேன். ஒரு மாதம் மட்டும் 2,000 கட்டினார், மற்ற மாதங்கள் தவறவில்லை. ஆறாவது மாதம் சீட்டுப் பணத்தோடு வந்தபோது கணவரும் ஊன்றுகோலோடு கூட வந்தார். நான்கு வளையலை ரசீதோடு ஒப்பிட்டு, எடை போட்டுப் பார்த்து வாங்கிப் போனார்கள். மீதி இரண்டு இன்னும் எங்கள் பெட்டகத்தில் இருக்கின்றன.