உகந்த நாணயப் பகுதி: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் 'ஆப்டிமம் கரன்சி ஏரியா' எனப்படும் இக்கலைச்சொல் கனடியப் பொருளியலாளர் ராபர்ட் மண்டெல் 1961-இல் எழுதிய கட்டுரையால் வழக்கிற்கு வந்தது. ஒரே நாணயத்தைப் புழங்குவதால் கிடைக்கும் நன்மை அதனால் நேரும் இழப்பை விஞ்சி நிற்கும் நிலப்பரப்பையே இது குறிக்கிறது; அப்பரப்பு ஒரு நாட்டின் எல்லையோடு பொருந்தியிருக்க வேண்டும் என்பதில்லை. 'ஆப்டிமம்' என்பதன் லத்தீன் மூலத்திற்கு 'மிகச் சிறந்தது' என்று பொருள். ஆயினும், இங்கே பேசப்படுவது இரு பக்கமும் எடைபோட்டுக் காணும் பொருத்தமே என்பதால், 'சிறந்த' என்பதைவிட 'உகந்த நாணயப் பகுதி' என்பதே சரியான தமிழ்.

நன்மைகள் எளிதில் விளங்குபவை: பணம் மாற்றும் செலவு மறைகிறது, மாற்று விகிதம் எப்போது சரியுமோ என்ற அச்சமின்றி வணிகர்கள் ஒப்பந்தம் செய்யலாம். இழப்பு என்னவென்பது நெருக்கடி வரும்போதுதான் தெரியும். அதற்குப் பின்லாந்தைவிடத் தெளிவான சான்று குறைவு.

1990-களின் தொடக்கத்தில், வங்கி நெருக்கடியோடு சோவியத் ஒன்றியத்துடனான வணிகமும் குலைந்தபோது, பின்லாந்து தன் நாணயமான மார்க்காவின் மதிப்பை 1991 நவம்பரில் குறைத்து, 1992 செப்டம்பரில் அதைச் சந்தையின் போக்கில் மிதக்கவிட்டது. அயல்நாட்டு நாணயத்தில் கடன் வாங்கியிருந்த நிறுவனங்கள் இதனால் நொறுங்கின, வேலையின்மையும் கடுமையாக உயர்ந்தது. ஆனால் பின்லாந்துப் பொருள்களின் விலை அயல்சந்தையில் குறைந்ததால், ஏற்றுமதியே நாட்டை மீட்டெடுத்தது.

1999-இல் யூரோவில் இணைந்த பின்னர் அந்த வழி அடைபட்டது. 2008-க்குப் பின், பின்லாந்து பெரிதும் ஏற்றுமதி செய்துவந்த காகிதத்தின் தேவை சுருங்கி, அந்நாட்டு நிறுவனமான நோக்கியாவின் கைப்பேசி வணிகமும் சரிந்தபோது, மதிப்பைக் குறைக்கத் தனி நாணயம் இல்லாததால், உழைப்புச் செலவை நேரடியாகக் குறைக்க வேண்டியதாயிற்று. அரசின் அழுத்தத்தின் பேரில் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் 2016-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஊதிய உயர்வின்றி ஆண்டு வேலைநேரம் 24 மணி கூட்டப்பட்டது. மாற்று விகிதம் ஓசையின்றிச் செய்திருக்கக்கூடிய வேலையை இப்படி ஆண்டுக்கணக்கில் பேசிப்பேசிச் செய்ய நேர்வதே நான் காணும் பெரிய இழப்பு. 2003 பொதுவாக்கெடுப்பில் யூரோவை மறுத்த அண்டை நாடான சுவீடனின் குரோனா, 2008 நெருக்கடியில் தானே மதிப்பிறங்கி அந்நாட்டு ஏற்றுமதிக்குத் துணை நின்றது.

ஆயினும் பின்லாந்தின் தேக்கம் முழுவதையும் யூரோவின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. வாங்குவோர் வேறு கைப்பேசிக்கு மாறிவிட்டபின், மார்க்கா எவ்வளவு மலிந்தாலும் நோக்கியாவின் சந்தை திரும்பியிருக்காது. தனி நாணயம் உதவுவது விலையால் எழுந்த சிக்கலுக்கே.

தனக்கென மாற்று விகிதத்தை இழந்த நாட்டுக்கு வேறு எது கைகொடுக்கும்? வேலையிழந்தோர் வேலையுள்ள இடத்திற்குப் பெயர்வதே மண்டெல் முதன்மையாகச் சுட்டிய வழி. பொது வரவு செலவுத் திட்டத்திலிருந்து நலிந்த பகுதிக்குப் பணம் பாய்வதைப் பின்வந்தோர் சேர்த்தனர். யூரோ பகுதியில் சட்டம் இடம்பெயர்வைத் தடுக்காவிட்டாலும், ஜெர்மன் தெரியாத பின்லாந்துத் தொழிலாளியை மொழியே தடுத்துவிடுகிறது. பொது வரவு செலவுத் திட்டமோ ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டளவே.