கிணற்றுத் தண்ணீர் 28 பாகை, குளியல் 40 பாகை

கோண்டாவிலில் என் மைத்துனர் வீட்டுக்கு 150 லீற்றர் சோலார் ஹீற்றர் போட விலை கேட்டார். விலை 180,000 ரூபாய். விற்க வந்தவர் ஒரு தாளில் கணக்குப் போட்டு, இரண்டேகால் வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்றார். பெருக்கலில் பிழையில்லை. பிழை வேறோர் இடத்தில் இருந்தது.

ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 1.16 வாட் மணி வேண்டும். 28 பாகைக் கிணற்றுத் தண்ணீர் 150 லீற்றரை 60 பாகைக்குக் கொண்டுபோனால் நாளுக்கு 5.6 யூனிற். யூனிற் 40 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 80,000 ரூபாய். அவர் கணக்கு இதுதான்.

ஆனால் 60 பாகையில் யார் குளிக்கிறார்கள்? பச்சைத் தண்ணீர் கலந்து 40 பாகையில்தான் குளிக்கிறோம். ஐந்து பேர், ஆளுக்கு 30 லீற்றர் என்றால், 150 லீற்றரை 12 பாகை ஏற்றினால் போதும். நாளுக்கு 2.1 யூனிற். மீதிச் சூடு தாங்கியிலேயே கிடந்து ஆறிப்போகும். கரண்டில் நாம் செலவழித்திருக்கவே மாட்டாத சூட்டை மிச்சம் என்று சொல்ல முடியாது.

2.1 யூனிற்றுக்கு வருடத்தில் 30,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் இல்லாமல் மின்சாரத்தில் சூடாக்கும் நாட்களுக்கு 15 வீதம் கழித்தால் ஏறக்குறைய 26,000. பராமரிப்புக்கு 4,000 போனால் 22,000. ஆக, எட்டு வருடம் தாண்டும். இதுவும் ஐந்து பேரும் வருடம் முழுக்க மின்சார ஹீற்றரில் குளித்துவந்தால் மட்டும். மார்கழியிலும் தையிலும் மட்டும் சுடுதண்ணி தேடும் வீட்டில் மிச்சம் பராமரிப்புக்கே சரியாகப் போய்விடும்.

இன்னொன்று: 60 பாகைத் தண்ணீர் 56 லீற்றர் இருந்தாலே அந்த ஐந்து பேர் குளியலுக்குக் கலந்துகொள்ளலாம். அப்புறம் 150 லீற்றர் எதற்கு? 100 லீற்றர் ஹீற்றர் 130,000 ரூபாய்க்குக் கிடைத்தால், அதே மிச்சத்தில் ஆறு வருடத்தில் காசு திரும்பும்.

சரி, பராமரிப்பு ஏன்? நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூடேறும்போது வெள்ளைப் படிவாகிறது. மலிவான கண்ணாடிக் குழாய் வகையில் தண்ணீர் குழாய்க்குள்ளேயே நிற்கும். வெயில் பட்டதும் சூடான தண்ணீர் இலேசாகி மேலே தாங்கிக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். மோட்டார் தேவையில்லை. ஆனால் படிவு அந்தக் குழாய்களின் அடியில் சேரும், நாளடைவில் வழியை ஒடுக்கும். நல்ல வெயில் நாளிலும் பின்னேரத் தண்ணீர் முன்போலச் சூடாக இல்லையென்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கரையோரத்து உவர்த் தண்ணீர் என்றால் தாங்கிக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பியும் சீக்கிரம் கரையும். தாங்கி அரிக்காமலிருக்க முதலில் தான் கரைவதே அதன் வேலை. அது தீர்ந்துவிட்டால் அடுத்து அரிபடுவது தாங்கிதான்.

வாங்குமுன் அடுப்படியில் கேத்தலின் உள்ளடியைத் தடவிப் பாருங்கள். விரலில் வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தால், குழாய்க்குள் தண்ணீர் நிற்காத வகையைக் கேளுங்கள். விலை கூடும்; அதையும் சேர்த்து வருடத்தை எண்ணுங்கள்.