இரண்டு லிட்டர் என்பது எத்தனை சதவீதம்?

நர்சிங் தேர்வுகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. பல வருடம் பீடி புகைத்த 64 வயதுக்காரர், மூச்சுக்குழாய் நாள்பட அடைபட்டிருக்கும் சி.ஓ.பி.டி. நோயாளி. மூச்சிரைப்போடு வந்திருக்கிறார். பல்ஸ் ஆக்சிமீட்டர் 81 காட்டுகிறது, மூச்சு நிமிடத்துக்கு 32. ஆக்சிஜன் கொடுக்க எந்தக் கருவி, எத்தனை லிட்டர்? நான்கு விடைகளில் மூக்குக் குழாயும் இருக்கும், வென்ச்சுரி மாஸ்க்கும் இருக்கும். இரண்டும் குறைந்த அளவு ஆக்சிஜன்தானே தருகின்றன, வித்தியாசம் என்ன என்று பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு போதும். மூச்சை இழுக்கும்போது சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் வேகத்தில் காற்று உள்ளே போகிறது. மூக்குக் குழாயில் 2 லிட்டர் தூய ஆக்சிஜன் வருகிறது என்றால், மீதி 28 லிட்டரை அறைக்காற்று நிரப்புகிறது. அறைக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். இரண்டும் கலந்தால் ஏறத்தாழ 26 சதவீதம் வரும். அதே ஆள் திணறிக்கொண்டு 60 லிட்டர் வேகத்தில் இழுத்தால் கலவை 24க்குக் கீழே இறங்கிவிடும். களைத்து, மெதுவாக 15 லிட்டர் வேகத்தில் மூச்சுவிட்டால் 31ஐத் தாண்டும். ஃப்ளோமீட்டரின் குண்டு இரண்டிலேயே நிற்கிறது. நோயாளிக்குப் போவதோ மாறிக்கொண்டே இருக்கிறது. லிட்டருக்கு 4 சதவீதம் என்று நாம் மனப்பாடம் செய்வது அமைதியாக மூச்சுவிடுபவருக்கான தோராயம் மட்டுமே.

மற்ற நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரிய தொல்லை இல்லை. சி.ஓ.பி.டி.யில் நிலைமை வேறு. இவர்களுடைய நுரையீரலில் காற்று சரியாகப் போகாத பகுதிகளின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, இரத்தத்தை நல்ல பகுதிகளுக்குத் திருப்பிவிட்டிருக்கும். ஆக்சிஜனைக் கொட்டினால் அந்தச் சுருக்கம் தளர்ந்துவிடும். கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற முடியாத பகுதிக்கே இரத்தம் திரும்பிப் போகும். தவிர, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின், சுமந்து வந்த கார்பன் டை ஆக்சைடை உதறிவிடும். இப்படி இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதற்கு மூச்சுவிடும் உந்துதல் குறைவதும் ஒரு காரணம்தான். ஆனால் பாடப்புத்தகங்கள் சொன்ன அளவுக்கு அது பெரிதல்ல. 2010இல் வெளிவந்த டாஸ்மேனியா ஆய்வில், ஆம்புலன்ஸிலேயே ஆக்சிமீட்டர் அளவை 88 முதல் 92க்குள் நிறுத்தி ஆக்சிஜன் பெற்றவர்களில் 4 சதவீதத்தினர் இறந்தார்கள். தாராளமாகப் பெற்றவர்களில் 9 சதவீதம்.

வென்ச்சுரி மாஸ்க் இந்தக் கணக்கை நோயாளியின் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. லண்டனில் மோரன் கேம்பெல் 1960இல் அறிமுகப்படுத்திய யோசனை அது. ஆக்சிஜன் ஒரு நுண்ணிய துளை வழியாகப் பீறிட்டுப் பாயும்போது, பக்கத்துச் சாளரங்கள் வழியாக அறைக்காற்றைத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. 28 சதவீத வால்வில் ஒரு பங்கு ஆக்சிஜனுக்குப் பத்துப் பங்கு காற்று. 4 லிட்டர் வைத்தால் மொத்தம் 44 லிட்டர் கலவை முகத்தில் வந்து விழும். நோயாளி இழுப்பதைவிட அது அதிகம் என்பதால், வெளிக்காற்று கலக்க இடமில்லை.

இப்போது நம் 64 வயதுக்காரர். 28 சதவீத வால்வு, இலக்கு 88 முதல் 92. அவர் நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சுவிடுவதால் 44 லிட்டர் போதாமல் போகலாம். எனவே 4 லிட்டரை 6 ஆக்குகிறோம். இதைக் கேட்டதும் மாணவர்கள் பதறுவார்கள், சதவீதம் ஏறிவிடாதா? ஏறாது. ஆக்சிஜன் கூடினால் இழுக்கப்படும் காற்றும் கூடும். விகிதம் அப்படியே இருக்கும். சதவீதத்தை மாற்ற வேண்டுமானால் வால்வைத்தான் மாற்ற வேண்டும். வால்வின் நிறத்தை நம்பாமல் அதில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள், நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தமனி இரத்தத்தில் வாயுக்களை அளக்கும் ஏ.பி.ஜி. எடுக்கிறார்கள். அதில் பி.எச். 7.35க்குக் கீழும் கார்பன் டை ஆக்சைடு 45க்கு மேலும் இருந்தால், மாஸ்க்கை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. மூச்சுக்கு இயந்திர உதவி தேவையா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஆக்சிமீட்டர் கார்பன் டை ஆக்சைடைக் காட்டாது. திரையில் 97 ஒளிரும்போது அவர் தூங்கி வழிகிறார், கை கதகதப்பாக இருக்கிறது, நீட்டச் சொன்னால் விரல்கள் படபடக்கின்றன என்றால் முதலில் போர்வையைப் பாருங்கள். குளிருக்கு இழுத்துப் போர்த்தியது வால்வின் சாளரங்களை மூடியிருக்கும். காற்று நுழையாமல் ஆக்சிஜன் சதவீதம் எகிறியிருக்கும். போர்வையை விலக்குங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். பயத்தில் மாஸ்க்கையே கழற்றிவிடாதீர்கள். உடலில் தேங்கிய கார்பன் டை ஆக்சைடு உடனே இறங்காது, ஆக்சிஜனோ சில நிமிடங்களில் ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கீழே விழும்.