கையில் மிஞ்சிய சீட்டுகள்

விடுமுறையின் மூன்றாம் நாளில் ஏழு வயது மகன் சீட்டுக்கட்டைக் கிழித்துவிட்டான் என்று சொல்லி, இனி அவனை விளையாட்டில் சேர்க்கவே வேண்டாமா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். குழந்தைகள் மனநல ஆலோசகராக நான் அடிக்கடி கேட்கும் கேள்விதான் இது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவர்கள் ஆடியது 'கழுதை'. அவனோடு ஆடியவர்கள் பதினான்கு வயதான பெரியம்மா மகளும், பன்னிரண்டு, பதினொன்று வயதான மாமா மகன்கள் இருவரும். இந்த ஆட்டத்தில் வென்றவருக்குப் பட்டம் கிடையாது. கடைசியாகக் கையில் சீட்டு வைத்திருப்பவருக்கு மட்டும் ஒரு பெயர் கிடைக்கும். தோல்வியை இவ்வளவு வெளிப்படையாக ஒருவர் தலையில் சூட்டும் ஆட்டத்தைச் சிறு குழந்தைக்கு முதலில் கற்றுக்கொடுக்கிறோம் என்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

அவன் எப்போது வெடிக்கிறான் என்று இரண்டு நாள் குறித்துவரச் சொன்னேன். ஆட்டம் முடியும்போது அழுகிறான் என்று தாய் நினைத்திருந்தார். குறிப்பு வேறாக இருந்தது. கையில் இரண்டு மூன்று சீட்டுகளே இருக்கும் நிலையில், ஆடப்படும் இனத்தில் சீட்டில்லாத யாராவது வேறு இனச் சீட்டால் 'வெட்டு' போட, அந்த இனத்தில் பெரிய சீட்டை இறக்கியவன் என்பதற்காகக் கீழே கிடந்த அத்தனையையும் அவன் அள்ள வேண்டிவரும்போது, மற்ற மூவரும் சிரிக்கும் அந்த நொடியில்தான் அவன் சீட்டுகளை வீசினான். கிட்டத்தட்ட வென்றுவிட்டோம் என்று நம்பியிருந்த ஒன்று பறிபோவதும், அதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதும் சேர்ந்தே வலித்தன. ஏழு எட்டு வயதில் குழந்தைகள் தம்மை மற்றவர்களோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது கூடுகிறது என்பதால் அந்தச் சிரிப்பின் கனம் நமக்குத் தெரிவதைவிட அதிகம்.

அக்கா ஏற்கெனவே ஒரு வைத்தியம் பார்த்திருந்தாள். தம்பியிடம் டைமண்ட் இல்லை என்று தெரிந்தும், அவனுக்கு முன்னால் ஆடிய அவள், தன்னிடம் இருந்த மூன்றைப் போடாமல் ராஜாவை இறக்கினாள். அவன் வெட்டினான், அவள் அள்ளினாள், அவன் வென்றான். அடுத்த சுற்றில் அந்த மூன்று அவள் கையிலிருந்து வெளியே வந்தபோது அவன் கண்டுபிடித்துவிட்டான். "அப்பவே மூணு வச்சிருந்தியே" என்று கேட்டவன் அன்று முழுவதும் பேசவில்லை. ஏமாற்றித் தரும் வெற்றி குழந்தைக்குத் தன்னைப் பற்றிச் சொல்லும் செய்தி தோல்வியைவிட மோசமானது.

எனவே விட்டுக்கொடுப்பதை நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பதிலாக இரண்டு நாள்கள் அக்காவும் அவனும் ஒரே கையைச் சேர்ந்து ஆடினார்கள். அவள் தன் யோசனையை அவன் காதில் சொல்லிக்கொண்டே ஆடினாள். ஓர் இனத்தில் பதின்மூன்று சீட்டுகள்தான் என்பதால், நால்வர் ஆடினால் அது அதிகபட்சம் மூன்று முறைதான் வெட்டு விழாமல் சுற்றிவரும். ஆகவே பெரிய சீட்டுகளை எல்லோரிடமும் அந்த இனம் இருக்கும் தொடக்கத்திலேயே கழித்துவிட வேண்டும். அவன் அதுவரை ராஜாவையும் ராணியையும் ஆசையாகக் கடைசிவரை பதுக்கிவைத்திருந்தான். தோல்விக்குக் காரணம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு அது அவமானமாக மட்டும் இல்லாமல் கணக்காகவும் ஆனது.

பெரிய பிள்ளைகளிடமும் ஒன்று கேட்டுக்கொண்டேன். அள்ளுபவர் யாராக இருந்தாலும் எத்தனை சீட்டு என்று உரக்க எண்ண வேண்டும்; தோற்றவர் கட்டைக் கலைத்து அடுத்த ஆட்டத்துக்குப் பங்கிட வேண்டும். அண்ணன்மார் தோற்கும்போது "இஸ்பேட் ஏஸை ரொம்ப நேரம் வச்சுட்டேன்" என்று தாமே சொல்லத் தொடங்கினார்கள். என் அனுபவத்தில், குழந்தை தோற்கக் கற்பது அறிவுரையால் அல்ல, தன்னைவிடப் பெரியவர் தோற்பதைப் பார்ப்பதால்.

இடையில் ஒரு நாள் மறுபடியும் வீசினான். "ஆம்பளப் பையன் அழலாமா" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டதும் அழுகை இரட்டிப்பானது. கொந்தளிப்பின் நடுவில் எந்த நியாயமும் உள்ளே போகாது. அவன் சீட்டுகளைக் கவிழ்த்துவைத்துவிட்டு, யாரும் எதுவும் கேட்காமல், தண்ணீர் குடித்துவிட்டு அதே ஆட்டத்துக்குத் திரும்பும்வரை காத்திருப்பதே போதும் என்று சொன்னேன். இந்த வெடிப்பு விளையாட்டில் மட்டுமன்றிப் பள்ளியிலும் வீட்டிலும் அன்றாடம் நிகழ்ந்திருந்தாலோ, தன்னையே அடித்துக்கொள்ளும் அளவுக்குப் போயிருந்தாலோ, சீட்டாட்டத்தை விட்டுவிட்டு முறையான மதிப்பீட்டுக்கே வரச் சொல்லியிருப்பேன்.

விடுமுறையின் ஒன்பதாம் நாள் அவனே கழுதையானான். கண் நிறைந்தது; உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஆறு சீட்டு எனக்கு" என்று எண்ணினான். பிறகு சின்னக் கைகளுக்கு அடங்காத கட்டைக் கலைக்க முயன்று பாதியைத் தரையில் சிதறவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. பொறுக்கி எடுத்து நால்வருக்கும் பங்கிட்டுக்கொண்டே சொன்னானாம்: "அக்கா, அந்த ராணியை முதல்லயே போட்டிருக்கணும், இல்ல?"