புரோபிட்டில் எச்சத்தை ஏன் கூடவே சேர்க்க வேண்டும்

கணவரின் வருமானம் கூடினால் மனைவி வேலைக்குப் போகும் வாய்ப்பு குறையுமா? விடை போகிறார், போகவில்லை என்று இரண்டே இரண்டு என்பதால் வழக்கமாகப் புரோபிட் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு நாட்டம் பூஜ்யத்தைத் தாண்டினால் அவர் வேலைக்குப் போகிறார், அவ்வளவுதான் மாடல். ஆனால் தீவிரமாக உழைக்கும் ஆட்கள் தங்களைப் போன்றவர்களையே மணப்பது உண்டு. அந்தத் தீவிரம் எந்தத் தரவிலும் இல்லை, இருந்தும் கணவரின் வருமானத்தையும் மனைவியின் நாட்டத்தையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறது. வருமானம் பிழை உறுப்போடு ஒட்டிக்கொண்டால் நேரடியாகப் போட்ட புரோபிட் சொல்வதை நம்ப முடியாது.

கணவரின் கல்வியைக் கருவி மாறியாக எடுத்துக்கொள்வோம் (அது மனைவியின் நாட்டத்தை நேரடியாகத் தொடாது என்பது சண்டை போடக்கூடிய அனுமானம், இப்போதைக்கு விட்டுவிடலாம்). எண்களை நானே எளிமையாக வைக்கிறேன். வருமானம் y2 = z + v. கல்வி z, எச்சம் v இரண்டும் சராசரி 0, திட்டவிலக்கம் 1 உள்ள இயல்நிலைப் பரவல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. மனைவியின் நாட்டம் −0.5·y2 + u, அது பூஜ்யத்தைத் தாண்டினால் y1 = 1, இல்லாவிட்டால் 0. இதில் u-வின் திட்டவிலக்கமும் 1, u-வுக்கும் v-க்கும் ஒட்டுறவு 0.6.

நேரடியாகப் புரோபிட் போட்டால் குணகம் −0.22 என்று வரும். உண்மையான −0.5-இல் பாதிகூட இல்லை.

சரி, நேர்கோட்டு மாடலில் செய்வதுபோல y2-வை எடுத்துவிட்டு, கல்வியை வைத்துக் கணித்த வருமானத்தை அந்த இடத்தில் போட்டால்? நேர்கோட்டில் அது ஓடிவிடும், ஏனென்றால் விட்டுப்போன v பிழைக்குள் போய் உட்கார்ந்தாலும் குணகத்துக்கு ஒன்றும் ஆகாது. புரோபிட் அப்படியில்லை. அது பிழையின் திட்டவிலக்கத்தை 1 என்று வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் அளக்கிறது, அதனால் பிழையின் அளவு மாறினால் குணகமும் மாறும். இங்கே −0.62 வருகிறது. குறி சரி, அளவு தப்பு.

கட்டுப்பாட்டுச் சார்பு முறை வேறு வழியில் போகிறது. கெட்டுப்போன பகுதியை ஒதுக்குவதற்குப் பதிலாக அதையே அளந்து மாடலுக்குள் வைத்துவிடுகிறது. u-வை 0.6·v + e என்று எழுதலாம், மிச்சமிருக்கும் e-க்கும் வருமானத்துக்கும் தொடர்பே இல்லை. அதனால் v-ஐயும் ஒரு மாறியாகச் சேர்த்தால் வருமானம் மறுபடி சாதுவாகிவிடும். v நம் கையில் இல்லை, ஆனால் முதல் கட்ட ரிக்ரெஷனின் எச்சம் இருக்கிறதே. புரோபிட்டுக்கு இதை 1988-இல் ரிவர்ஸும் வுவாங்கும் எழுதினார்கள்.

```r
v  <- resid(lm(y2 ~ z))
s2 <- glm(y1 ~ y2 + v, family = binomial("probit"))
asf <- function(a) mean(pnorm(cbind(1, a, v) %*% coef(s2)))
```

பெரிய மாதிரியில் y2-இன் குணகம் −0.625, v-இன் குணகம் 0.75 என்று வரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். −0.625 என்பது விடையில்லை. e-யின் திட்டவிலக்கம் 0.8, புரோபிட் அதை 1 ஆக்கிவிட்டதால் −0.5 ஊதிப்போயிருக்கிறது. √(1 + 0.75²) = 1.25-ஆல் வகுத்தால் −0.5 திரும்பக் கிடைக்கும். அதைவிட நல்ல வழி, கடைசி வரியில் உள்ளதுபோல வருமானத்தை ஒரே மதிப்பில் நிறுத்தி, எல்லாருடைய எச்சத்தின் மீதும் நிகழ்தகவைச் சராசரி எடுப்பது. வருமானம் 0-இலிருந்து 1-க்கு ஏறினால் வேலைக்குப் போகும் வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 31-க்கு இறங்குகிறது என்று அது சரியாகச் சொல்லும். நேரடிப் புரோபிட் 41 என்றிருக்கும். v-ஐப் பூஜ்யமாக வைத்துக் கணக்குப் போட்டால் 27 வரும், அதுவும் தப்புதான், ஏனென்றால் அது சராசரி எச்சம் உள்ள ஒருவரைப் பற்றிய எண், மொத்த மக்களைப் பற்றியதில்லை.

இன்னொரு லாபமும் உண்டு: v-இன் குணகம் பூஜ்யமா என்ற சாதாரண t சோதனையே வருமானம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதற்கான சோதனை. ஆனால் பூஜ்யமில்லை என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அச்சாகும் திட்டப்பிழைகளை நம்பாதீர்கள், v-ஐ நாம் மதிப்பிட்டுத்தான் போட்டோம் என்பது இரண்டாம் கட்டத்துக்குத் தெரியாது. இரண்டு கட்டத்தையும் சேர்த்து பூட்ஸ்ட்ராப் செய்ய வேண்டும். இரண்டாவதை மட்டும் செய்து பயனில்லை. கருவி பலவீனமாக இருந்தால் y2-வும் எச்சமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், குணகங்களின் திட்டப்பிழை வெடிப்பதிலேயே அது தெரிந்துவிடும்.

இந்த முறை தொடர்ச்சியான y2-க்குத்தான். கணவருக்கு வேலை உண்டா இல்லையா என்பதுபோல y2-வே 0 அல்லது 1 என்றால் எச்சத்துக்கு ஒவ்வொரு z-இலும் இரண்டே மதிப்புகள், அவையும் z-ஐப் பொறுத்து மாறும், அதனால் v-க்கும் z-க்கும் தொடர்பில்லை என்ற அடித்தளமே உடைகிறது. அப்போதும் கணினி முறைக்காமல் ஏதோ ஓர் எண்ணைத் தரும். அங்கே இரண்டு சமன்பாட்டையும் ஒன்றாக மதிப்பிடும் இருமாறிப் புரோபிட்டுக்குப் போவதுதான் சரி.