விரிசல் விழுவது ஓவனை அணைத்த பிறகுதான்

பேக்கிங் வகுப்பு எடுக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு அதிகம் வரும் படம் நடுவில் பிளந்து நிற்கும் சீஸ்கேக்தான். கூடவே ஒரு வரி இருக்கும்: "தண்ணீர் ட்ரே வைத்துத்தானே சுட்டேன், அப்புறம் ஏன்?"

போன மாதம் அப்படிக் கேட்டவர் சுவர் தனியாகக் கழலும் 23 செ.மீ. ஸ்ப்ரிங்ஃபார்ம் டின்னில், 900 கிராம் க்ரீம் சீஸும் நான்கு முட்டையும் போட்டு, 160 டிகிரியில் வைத்திருக்கிறார். எல்லாம் சரிதான். எவ்வளவு நேரம் சுட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரமாம். நடுப்பகுதி ஆடிக்கொண்டே இருந்ததாம், வேகவில்லை என்று நினைத்து ஆட்டம் முழுக்க நிற்கும்வரை விட்டிருக்கிறார். பிறகு உடனே வெளியே எடுத்து மின்விசிறிக்குக் கீழே வைத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கோடு.

பெயரில்தான் இது கேக், உள்ளே நடப்பது கஸ்டர்டின் வேலை. மாவு தாங்கிப் பிடிப்பதில்லை, முட்டையின் புரதம்தான் இறுகி எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது. அந்தப் புரதம் அளவுக்கு மேல் சூடானால் இன்னும் இறுகிச் சுருங்கும், ஈரத்தைக் கக்கும். நடுப்பகுதி 65, 66 டிகிரியைத் தொட்டதுமே கேக் தயார். 75-ஐத் தாண்டிவிட்டால் விரிசலுக்கு நாமே நாள் குறித்த மாதிரி.

தண்ணீரின் வேலை ஓரத்தைக் காப்பாற்றுவது. ஓவனுக்குள் காற்று 160-இல் இருந்தாலும் தண்ணீர் 100-ஐத் தாண்டாது, ஆவியாகிக்கொண்டே இருப்பதால் பெரும்பாலும் அதற்கும் கீழேதான் நிற்கும். அதனால் டின்னின் சுவர் கொதித்துப் போகாமல், நடுப்பகுதி வேகும்வரை ஓரம் பொறுமையாகக் காத்திருக்கிறது. ட்ரேயில் டின்னின் பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றினால் போதும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அது சூடேறவே நேரம் போய்விடும், உங்கள் நேரக்கணக்கும் குழம்பும். ஸ்ப்ரிங்ஃபார்ம் டின்னுக்கு அடியில் இடுக்கு உண்டு, ஃபாயிலை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் எங்கோ ஒரு சின்னக் கிழிசல் வழியாகத் தண்ணீர் புகுந்து பிஸ்கெட் அடித்தளத்தை ஊறவைத்துவிடும். நான் ஃபாயிலை விட்டுப் பல வருடமாகிறது. டின்னை அதைவிடக் கொஞ்சம் பெரிய சாதாரண கேக் டின்னுக்குள் இறக்கி, அந்த இரண்டையும் சேர்த்துத் தண்ணீர் ட்ரேயில் வைத்துவிடுகிறேன்.

ஆனால் தண்ணீர் ஓரத்தைத்தான் பார்த்துக்கொள்ளும், நேரத்தைப் பார்த்துக்கொள்ளாது. எப்போது அணைப்பது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். 55 நிமிடத்திலிருந்தே பார்க்க ஆரம்பியுங்கள். டின்னை லேசாகத் தட்டினால் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு அசையாமல் நிற்க வேண்டும், நடுவில் ஓர் உள்ளங்கை அளவு ஜெல்லி மாதிரி ஒன்றாகக் குலுங்க வேண்டும். அலை அலையாகத் தளும்பினால் இன்னும் வேகவில்லை. குலுக்கலே இல்லையென்றால் தாமதித்துவிட்டீர்கள். தெர்மாமீட்டர் குத்துவதென்றால் ஒரே ஒரு முறை குத்துங்கள், அந்த ஓட்டையிலிருந்தே விரிசல் கிளம்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த உள்ளங்கை அளவு குலுக்கலோடு அணைக்கத்தான் எல்லோருக்கும் பயம். அணைத்த பிறகும் சூடு உள்ளே நகர்ந்து நடுவை வேகவைத்துக்கொண்டுதான் இருக்கும், அதை நம்பலாம்.

இனிதான் விரிசலுக்கான நேரம். ஆறும்போது கேக் சுருங்கும். ஓரம் டின்னில் ஒட்டியிருந்தால் அது அங்கே பிடித்து இழுக்கும், நடுப்பகுதி உள்நோக்கி இழுக்கும், எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே கிழியும். அதனால் அணைத்த பத்து நிமிடத்தில் ட்ரேயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, மெல்லிய கத்தியை வெந்நீரில் நனைத்து, டின்னின் சுவரை ஒட்டியபடி ஒரு சுற்றுச் சுற்றி ஓரத்தை விடுவியுங்கள். பிறகு உள்ளே தள்ளி, கதவில் மரக்கரண்டியைச் செருகி விரலளவு திறந்தபடி ஒரு மணி நேரம் விடுங்கள். தண்ணீரும் அங்கேயே இருக்கட்டும். அப்புறம் வெளியே எடுத்து, காற்றடிக்காத இடத்தில் அறைச்சூட்டுக்கு வரவிட்டுத்தான் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். இளஞ்சூட்டிலேயே மூடி வைத்தால் ஆவி சொட்டி மேற்பரப்பு குழிகுழியாகும்.

இவ்வளவு செய்தும் கேக் ஓவனிலேயே உப்பி, பிறகு அமுங்கி, நடுவில் வெடித்தால் கலவையைச் சந்தேகியுங்கள். முட்டை போட்ட பிறகு பீட்டரை வேகமாக ஓட்டினால் உள்ளே காற்று நிறைந்துவிடும். க்ரீம் சீஸைக் குளிர்ச்சி போக மென்மையாக்கி முதலிலேயே கட்டியில்லாமல் அடித்துவிட்டு, முட்டையைக் கடைசியில் ஒவ்வொன்றாக, மஞ்சள் மறையும்வரை மட்டும் குறைந்த வேகத்தில் கலக்குங்கள்.

அந்த மாணவி இரண்டாம் முறை 65-ஆவது நிமிடத்தில் அணைத்து, கத்தியைச் சுற்றி, கதவை லேசாகத் திறந்துவைத்து ஆறவிட்டார். காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த படம் வந்தது. தெர்மாமீட்டர் குத்திய சின்னப் புள்ளி மட்டும் இருந்தது.