வினிகரா, குழாயா?

வாசகி ஒருவர் எழுதியிருந்தார். முதுகலை வேதியியல் படிக்கிறாராம். வீட்டில் தொட்டிக் குழாய் அடைத்துக்கொண்டது. அவருடைய தம்பி அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாக் குருணையை வாங்கி வந்து கொட்டி, மேலே வெந்நீரையும் ஊற்றியிருக்கிறார். குருணையும் நீருமாகப் பொங்கித் தெறித்து வலது கண்ணில் விழுந்தது. "காரத்தை அமிலம் முறிக்கும் என்று எனக்குத் தெரியும். வினிகரை எடுக்க ஓடினேன். அதற்குள் அம்மா தம்பியின் தலையைப் பிடித்துக் குழாயடியில் அழுத்திவிட்டார். அம்மா செய்ததுதான் சரி என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஆனால் பத்து நிமிடம் கழுவியும், அங்கே போய்ப் பார்த்தபோது கண்ணில் காரம் மிச்சமிருந்தது. அது எப்படி?"

கடைசிக் கேள்வி அருமையான கேள்வி. அதற்குப் போவதற்கு முன் வினிகரைப் பார்த்துவிடலாம்.

அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் என்று பள்ளியில் படித்தது பொய்யில்லை. ஆனால் அதைச் செய்துகாட்டியபோது கையில் பியூரெட் இருந்தது, குடுவையில் நிறங்காட்டி இருந்தது, சொட்டுச் சொட்டாக விடப் பொறுமையும் இருந்தது. துடிக்கிற கண்ணில் எத்தனை காரம் விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? குறைவாக ஊற்றினால் காரம் மிஞ்சும். கூடுதலாக ஊற்றினால் புண்பட்ட கண்ணில் அமிலம் மிஞ்சும். வினையில் சூடு பிறக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் வினிகர் போன்ற மெலிந்த அமிலத்தில் அந்தச் சூடு சில பாகைகளோடு நின்றுவிடும். அடர்ந்த அமிலமும் அடர்ந்த காரமும் மோதினால்தான் அது கண்ணைப் பொசுக்கும். என்னைக் கேட்டால் சூட்டைவிடப் பெரிய குற்றம் அலமாரிவரை ஓடிய நேரம். ஏன் என்றால், காரம் அந்த நேரத்தில் சும்மா இருப்பதில்லை.

காஸ்டிக் சோடாக் கரைசல் விரலில் பட்டால் வழுவழுப்பாக இருக்கும். கரைசலே வழுவழுப்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நம் தோலில் உள்ள கொழுப்பைக் காரம் சோப்பாக மாற்றுகிறது. நாம் தடவிப் பார்ப்பது நம்மாலேயே ஆன சோப்பை. கண்ணிலும் நடப்பது இதுதான். கருவிழியின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் படலம், கார்னியா, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதன் மேல்தோல் ஐந்தாறு அடுக்குச் செல்கள்தான். ஒவ்வொரு செல்லுக்கும் கொழுப்பாலான உறை. நீரில் கரைந்த பொருள்களை உள்ளே விடாமல் தடுப்பதே அந்த உறையின் வேலை. காரம் வந்து காவலாளியையே சோப்பாக்கிக் கழுவிவிடுகிறது. கதவு போனபின் உள்ளே இருப்பது நீர் நிறைந்த, நார் நாராய் அடுக்கிய கொலாஜன். அதற்குள் காரம் பஞ்சில் மை பரவுவதுபோல் பரவும். சோடியம் ஹைட்ராக்சைடு சில நிமிடங்களில் கார்னியாவைக் கடந்து, அதன் பின்னால் இருக்கும் திரவ அறையை எட்டிவிடும். அம்மோனியாவுக்கு அந்த நேரமும் தேவையில்லை.

அமிலம் பெரும்பாலும் இவ்வளவு தூரம் போகாது. அது புரதத்தைத் திரியவைக்கிறது. எலுமிச்சை பிழிந்த பால் கட்டியாவதைப்போல் மேல்பரப்பு கெட்டிப்பட்டு, அந்தக் கட்டியே பின்னால் வரும் அமிலத்துக்குத் தடுப்புச் சுவராகிறது. அடர்ந்த அமிலம் அந்தச் சுவரையும் உடைக்கும். கண்ணாடியை அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ சுவரைப் பொருட்படுத்துவதே இல்லை. மற்றபடி, அமிலம் என்றதும் அலறுகிற நாம், சுண்ணாம்பையும் ஈரச் சிமெண்டையும் அடைப்பு நீக்கியையும் சாதாரணமாகக் கையாள்வது தலைகீழான பயம்.

இப்போது வாசகியின் கேள்வி. கொஞ்சம் கணக்குப் போடுவோம். கண்ணில் விழுந்தது ஒரு சொட்டு, pH 14 என்று வையுங்கள். அதை 8-க்கு இறக்க வேண்டும். pH ஒவ்வொரு எண் இறங்கவும் பத்து மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். ஆறு எண் என்றால் பத்து லட்சம் மடங்கு. ஒரு சொட்டு என்பது ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதை ஒரே பாத்திரத்தில் கலந்து நீர்க்கவைக்க 50 லிட்டர் தண்ணீர் வேண்டும்! கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஓடும் நீர் அப்படி வேலை செய்வதில்லை. இமைக்குள் தேங்கி நிற்கக்கூடிய திரவம் ஒரு சொட்டைவிடக் குறைவு. நீரோட்டம் அதில் பத்தில் ஒன்பது பங்கைத் தள்ளிவிட்டுப் புது நீரை வைக்கிறது. மறுபடியும் பத்தில் ஒன்பது. இப்படி ஆறு முறை மாறினாலே பத்து லட்சம் மடங்கு ஆகிவிடும். சாயத் துணியை ஒரு பெரிய தொட்டியில் ஊறவைப்பதற்கும், சிறு வாளியில் ஆறு தண்ணீர் மாற்றி அலசுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. குழாயடியில் கண்ணின் மேற்பரப்பு சில நொடிகளிலேயே சுத்தமாகிவிடும்.

அப்படியானால் பதினைந்து, இருபது, முப்பது நிமிடம் கழுவச் சொல்வது எதற்கு? மேற்பரப்புக்காக இல்லை. உள்ளே ஊறியதை வெளியே இழுப்பதற்கு. கார்னியாவுக்குள் புகுந்த காரத்தைக் கையால் துடைத்து எடுக்க முடியாது. வெளியே செறிவு குறைவாக இருந்தால் அது தானாக வெளிப்பக்கம் கசியும். அவ்வளவுதான் நம்மால் முடியும். வெளியே சுத்தமான நீர் ஓடிக்கொண்டே இருக்கும்வரை கசிவு வெளிநோக்கி நடக்கும். குழாயை மூடினால் கசிந்த காரம் கண்ணீரிலேயே தேங்கி, pH மறுபடி ஏறும். ஈரச் சுவரைத் துடைத்ததும் காய்ந்ததுபோல் தெரிந்து, சற்று நேரத்தில் மீண்டும் ஈரம் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் மருத்துவமனையில் கழுவி முடித்த உடனே அளந்து திருப்திப்பட மாட்டார்கள். ஐந்து பத்து நிமிடம் காத்திருந்து, கீழிமைக் குழியில் காகிதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். நாம் ஆய்வகத்தில் நிறம் மாற்றி விளையாடிய அதே pH காகிதம்தான். எண் 7-க்கும் 7.5-க்கும் இடையில் வந்து, அரை மணி நேரம் கழித்தும் அங்கேயே நின்றால்தான் விடுவார்கள்.

வாசகியின் தம்பிக்கு அங்கே போனபோது காகிதம் 9 காட்டியிருக்கிறது. கடிதத்தைத் திரும்பப் படித்தபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன. முதலாவது, பத்தாவது நிமிடம் தம்பி "எரிச்சல் விட்டுவிட்டது, போதும்" என்று சொல்ல, அம்மா குழாயை மூடிவிட்டார். வலி குறைந்ததைக் குணமாகக் கொள்ளக் கூடாது. காரம் நரம்பு நுனிகளையும் கொல்லும். ஆழமாக வெந்த கண் சில நேரம் அமைதியாகிவிடும். சிவப்பும் அப்படியே. சிவந்த கண்ணைவிட, கருவிழியின் ஓரத்தில் வெளுத்துக் கிடக்கும் கண்தான் மருத்துவரைக் கவலைப்பட வைக்கும். அந்த விளிம்பின் பெயர் லிம்பஸ். கார்னியாவின் மேல்தோலுக்குப் புதுச் செல்களை வாழ்நாள் முழுதும் அனுப்பும் குருத்தணுக்கள் அங்கே இருக்கின்றன. வெளுப்பு என்றால் அங்கே இரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று பொருள்.

இரண்டாவது காரணம் மேலிமை. மருத்துவர் இமையை இரண்டு மடிப்பாகப் புரட்டியபோது கரையாத வெள்ளைக் குருணை ஒன்று மேலே பதுங்கியிருந்தது. அது கரைந்துகொண்டே காரத்தை விட்டுக்கொண்டிருந்தால் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் எண் இறங்காது. பஞ்சுக் குச்சியால் அதை எடுத்தபின் உப்புக்கரைசல் செலுத்தி ஒரு மணி நேரத்தில் 7.5-க்கு வந்துவிட்டது. லிம்பஸ் பெரும்பாலும் தப்பியதால் மேல்தோல் ஒரு வாரத்தில் மூடிக்கொண்டது.

ஆகவே குழாயடியில் கவனிக்க வேண்டியது இமைதான். கண் இறுக மூடிக்கொள்ளும். அது அனிச்சைச் செயல், திட்டிப் பயனில்லை. இன்னொருவர் விரலால் இரண்டு இமைகளையும் விரித்துப் பிடிக்க வேண்டும். பட்ட கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்தால் கழுவிய நீர் மறு கண்ணுக்குப் போகாது. நீர் வெதுவெதுப்பாகவோ சாதாரணமாகவோ இருக்கலாம், மென்மையாக, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் ஓட வேண்டும். மேலே, கீழே, இடம், வலம் என்று விழியை உருட்டச் சொல்லுங்கள். மேலிமையை முன்னால் இழுத்து அதன் அடியிலும் நீர் விடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் கழுவலாம் என்று காத்திருக்காதீர்கள். கழுவத் தொடங்கிவிட்டு, இடையில் எடுங்கள். குடிநீர் இருந்தால்தான் என்று தேடவும் வேண்டாம். கண்ணுக்கு உப்புக்கரைசல் நல்லதுதான், ஆனால் கைக்கெட்டிய குழாய் அதைவிட நல்லது.

குறைந்தது இருபது நிமிடம், காரமானால் முப்பது, அங்கேயே கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். ஏறிய பிறகும் நிறுத்தக் கூடாது. தண்ணீர்ப் பாட்டில்கள் நான்கைந்து எடுத்துக்கொண்டு, மூடியில் துளையிட்டு, படுத்திருப்பவரின் கண்ணில் சிறு தாரையாக விட்டுக்கொண்டே போகலாம். அடியில் ஒரு துண்டு போதும். கட்டுப் போட வேண்டாம், கட்டினால் காரமும் உள்ளே கட்டுண்டு கிடக்கும். கசக்க விடாதீர்கள். வீட்டில் இருக்கும் எந்தச் சொட்டு மருந்தும் வேண்டாம். வாசகியின் தம்பி இருபத்தைந்து நிமிடம் துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து போனார். வெளியே இழுக்கும் ஓட்டம் நின்றுபோன இருபத்தைந்து நிமிடங்கள் அவை.

ஒரு புலம்பல். பணியிடங்களில் வைக்கும் கண் கழுவும் கருவிக்கு ஒரு அமெரிக்கத் தர விதி உண்டு: ஆபத்தான இடத்திலிருந்து பத்து நொடியில் எட்ட வேண்டும், நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் வீதம் பதினைந்து நிமிடம் ஓட வேண்டும், வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். நான் படித்த கல்லூரி ஆய்வகத்திலும் ஒன்று இருந்தது. சுவருக்கு வண்ணமடித்தபோது அதன் மூடிக்கும் சேர்த்து அடித்திருந்தார்கள். மூன்று வருடத்தில் யாரும் திறந்ததில்லை. லிம்பஸ் குருத்தணுக்களை ஆய்வகத்தில் வளர்த்துக் கண்ணில் பதிக்க முடியும் என்று 1997-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த வழியில் வந்த சிகிச்சைக்கு 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தந்தது. அற்புதமான வேலை, அதற்கு இன்னும் பணம் வேண்டும். கூடவே அந்த மூடியைச் சுரண்டித் திறக்கவும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

கடிதத்தின் அடியில் வாசகி ஒரு பின்குறிப்பு எழுதியிருந்தார். மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன பட்டது, டப்பாவைக் கொண்டுவந்தீர்களா?" என்பதுதானாம். அவர் பையைத் திறந்தபோது உள்ளே வினிகர் பாட்டில் இருந்தது. காஸ்டிக் சோடா டப்பா வீட்டில், தொட்டிக்கு அருகிலேயே. பக்கத்து வீட்டுக்காரர் அதன் லேபிளைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பினாராம்.